மூன்று இடங்கள், நான்கு சோதனைகள்: குடியாத்தம் வட்டத்தில் ஒரு சமூக நூலகத்துக்கான சாத்தியக்கூறு ஆய்வு

குடியாத்தம் நகரத்திலிருந்து ஆறேழு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஓர் ஊராட்சியில், உள்ளூர் இளைஞர் குழு ஒன்று சமூக நூலகம் தொடங்க முன்வந்தது. கைத்தறி லுங்கி நெசவும் பீடி சுற்றுதலும் அந்த ஊரின் பழைய தொழில்கள். இளையவர்களில் பலர் ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கத்து ஷூ கம்பெனிகளுக்குக் கம்பெனிப் பேருந்தில் போய்வருகிறார்கள். குழுவின் கையில் 4 லட்சம் ரூபாய் இருந்தது. ஏறத்தாழ 3,000 நூல்களைத் தருவதாகப் பலர் சொல்லியிருந்தார்கள். தம் பழைய வீட்டின் மாடியை வாடகையில்லாமல் தருவதாக ஊர்ப் பெரியவர் ஒருவரும் சொல்லியிருந்தார். எனவே திறப்பு விழாவின் தேதிதான் பாக்கி என்று குழு கருதியது. நன்கொடையாளர்களில் ஒருவர் மட்டும், இதை ஐந்து ஆண்டு நடத்த முடியுமா என்று பார்த்துச் சொன்ன பிறகே பணத்தை விடுவிப்பேன் என்றார். அந்த ஒற்றை நிபந்தனையால்தான் இந்த ஆய்வு நடந்தது. ஊரின் பெயரையும் ஆட்களின் பெயர்களையும் இங்கே தவிர்த்திருக்கிறேன்.

சாத்தியக்கூறு ஆய்வில் வழக்கமாகத் தொழில்நுட்பம், பொருளாதாரம், செயல்பாடு, சட்டம் என்ற வரிசையில் நான்கு பகுதிகள் எழுதப்படும். அறிக்கையை எழுத அந்த வரிசை பொருந்தலாம். ஆய்வை நடத்த அது பொருந்தாது என்பது என் கருத்து. எந்தச் சோதனைக்குச் செலவு குறைவோ, எது தோற்றால் திட்டமே நின்றுவிடுமோ, அதை முதலில் செய்ய வேண்டும். பட்டாவையும் அ-பதிவேட்டையும் eservices.tn.gov.in தளத்திலும், வில்லங்க விவரத்தை tnreginet.gov.in தளத்திலும் உட்கார்ந்த இடத்திலேயே பார்த்துவிடலாம். கட்டடத்தைப் பொறியாளரிடம் காட்டுவதற்குக் கட்டணம் உண்டு. ஊர்க்காரர்கள் தொடர்ந்து பணம் தருவார்களா, யார் கதவைத் திறப்பார்கள் என்பவற்றை அறிய மாதங்கள் ஆகும். ஆகவே சட்டத்தில் தொடங்கிச் செயல்பாட்டில் முடிப்பதென்று தீர்மானித்தோம்.

இடமும் உரிமையும்

பெரியவரின் மாடிக்கு மாற்றாக இரண்டு இடங்களை ஊரார் சுட்டிக்காட்டினார்கள். ஒன்று, ஏரிக்கரையை ஒட்டிய காலியிடம்; அங்கே புதிதாகவே கட்டிவிடலாம் என்று சிலர் விரும்பினார்கள். மற்றொன்று, அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் கட்டப்பட்டு, சில ஆண்டுகள் இயங்கி, பிறகு பூட்டியே கிடக்கும் ஊராட்சி நூலகக் கட்டடம். அந்தத் திட்டம் 2006 முதல் 2011 வரை தமிழகக் கிராம ஊராட்சிகளில் நடந்தது. வேலூர்ப் பக்கத்தில் சுற்றினால் மஞ்சள் சுவரும் துருப்பிடித்த பூட்டுமாக அத்தகைய கட்டடங்களை இன்றும் பார்க்கலாம். ஊரில் இருப்பவர்களுக்கு அது கண்ணில் படாமல் போய்விட்டது. குழு எழுதியிருந்த முன்மொழிவில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

ஏரிக்கரை இடத்தைப் பற்றிய கேள்வி விரைவாக முடிந்தது. அ-பதிவேட்டில் அந்தப் புல எண் ஏரிப் புறம்போக்கு என்று இருந்தது. நீர்நிலைப் புறம்போக்கில் பொதுநல நோக்கத்துக்காகக் கட்டினாலும் அது ஆக்கிரமிப்பே. ஏரிகளைப் பாதுகாத்து ஆக்கிரமிப்பை அகற்ற 2007இல் தனிச் சட்டமே இருக்கிறது. ஊராட்சித் தலைவர் வாய்மொழியாகச் சம்மதிப்பதும், அருகில் ஏற்கெனவே ஒரு கோயில் இருப்பதும் அதை மாற்றிவிடா. அந்த இடத்தை அன்றே பட்டியலிலிருந்து நீக்கினோம்.

பெரியவரின் வீடு சிக்கலானது. பட்டா அவருடைய தந்தையின் பெயரிலேயே இருந்தது. தந்தை உயில் எழுதாமல் இறந்தவர். பெரியவருக்கு ஒரு தம்பியும் இரண்டு சகோதரிகளும் உண்டு. பாகப்பிரிவினை நடக்கவில்லை. நால்வருக்கும் பங்குள்ள வீட்டில், ஒருவர் மட்டும் "மாடியை வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்வதற்குச் சட்டத்தில் என்ன மதிப்பு என்று பார்க்க வேண்டியிருந்தது. வாய்மொழியாகப் பயன்படுத்த விடுவது, 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின்படி வெறும் அனுமதி மட்டுமே. கொடுத்தவர் பொதுவாக அதை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். மாடியைத் தானமாகவே கொடுப்பதானால் பத்திரம் எழுதிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். அதற்கு நால்வரும் கையெழுத்திட வேண்டும். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்கும் பதிவு கட்டாயம். சகோதரிகளில் ஒருவரிடம் பேசியபோது, "நூலகத்துக்கு நான் எதிரியில்லைங்க. ஆனா நான் ஒரு கையெழுத்துப் போட்டா, நாளைக்குப் பாகம் பிரிக்கும்போது மாடி போச்சுன்னு ஆயிடுமே" என்றார். அவர் கேட்டதில் தவறில்லை. குழு தன் 4 லட்சத்தையும் நால்வரில் மூவர் கையெழுத்திடாத ஒரு மாடியில் போடவிருந்தது.

ஊராட்சிக் கட்டடத்தில் உரிமைச் சிக்கல் இல்லை. அது ஊராட்சியின் சொத்து, நத்தம் நிலத்தில் நிற்கிறது, நூலகத்துக்கென்றே கட்டப்பட்டது. அதைச் சங்கத்தின் பெயருக்குக் குத்தகைக்குக் கேட்கலாம் என்று குழுவில் சிலர் சொன்னார்கள். அப்படிக் கேட்டால் ஊராட்சிச் சொத்தை வெளியாருக்கு விடுவதற்கான அனுமதிகள் மேலே மேலே போக வேண்டியிருக்கும். அதற்குப் பதிலாக, நூலகம் ஊராட்சியுடையதாகவே இருக்கட்டும், அன்றாட நடத்தையைச் சங்கம் பார்த்துக்கொள்ளட்டும் என்று எழுத்துபூர்வப் புரிந்துணர்வு செய்துகொள்வது எளிது என்று வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் பேசியபோது தெரிந்தது. மின் இணைப்பும் ஊராட்சியின் பெயரிலேயே தொடரும். ஆனால் தலைவர் கையெழுத்திட்ட கடிதத்தை மட்டும் நம்பக் கூடாது. வேலூர் உள்ளிட்ட ஒன்பது மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் 2021 அக்டோபரில் நடந்தது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை தலைவர் மாறக்கூடும், மாறியவர் முன்னவரின் வாக்கை மதிக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. ஆகவே கிராம சபையில் தீர்மானமாக வைத்து, தீர்மானப் புத்தகத்தில் ஏற்றி, அதன் நகலை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்பதை முதல் நிபந்தனையாக எழுதினோம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகியவை சபை கூடும் நாள்களில் அடங்கும் என்பதால், அடுத்த கூட்டத்துக்குக் காத்திருப்பது பெரிய தாமதமும் ஆகாது.

குழு பதிவு பெறாத குழு. 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி ஏழு பேர் சேர்ந்தால் மாவட்டப் பதிவாளரிடம் சங்கமாகப் பதியலாம். அதன் பிறகு ஆண்டுதோறும் கணக்கையும் நிர்வாகிகள் பட்டியலையும் தாக்கல் செய்தாக வேண்டும். பெரும்பாலான ஊர்ச் சங்கங்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான். சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கு வரும்வரை நன்கொடை எவருடைய சொந்தக் கணக்கிலும் சேரக் கூடாது என்று சொன்னோம். மாதந்தோறும் பணம் தருவதாகச் சொன்ன 41 பேரில் சிலர் வளைகுடாவில் வேலை செய்பவர்கள். இந்தியக் குடியுரிமையுள்ளவர் வெளிநாட்டில் இருந்துகொண்டு தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படாது. ஆனால் ஒருவர் வேறு நாட்டுக் கடவுச்சீட்டு வாங்கிவிட்டவர். அவர் இதே ஊரில் பிறந்தவரானாலும், அவரிடமிருந்து வாங்க 2010ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். மாதம் 500 ரூபாய்க்காக அந்த வழியில் இறங்க வேண்டாம் என்று அவர் பெயரை நீக்கியதில் பட்டியல் 40 ஆயிற்று.

முன்மொழிவில் இன்னொரு வரியும் இருந்தது: கணினி ஒன்றில் ஆயிரக்கணக்கான பிடிஎஃப் நூல்களை ஏற்றி வைப்பது. வாங்கிய நூலை இரவல் கொடுப்பதற்குத் தடையில்லை. பதிப்புரிமை உள்ள நூலின் திருட்டு நகலைப் பொதுப் பயன்பாட்டுக்கு வைப்பது குற்றம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் மதுரைத் திட்டமும் சட்டப்படி தரும் நூல்களே ஒரு கிராம நூலகத்துக்குப் போதும் என்று கூறி அந்த வரியை அடித்துவிட்டோம்.

தளம் தாங்குமா?

சட்டச் சோதனையிலேயே மாடி தோற்றிருந்தாலும், பெரியவரின் மனம் புண்படக் கூடாது என்பதற்காகவும், பாகப்பிரிவினை நல்லபடியாக முடிந்தால் பிறகு கேட்கலாம் என்று குழு நினைத்ததாலும், அந்தக் கட்டடத்தையும் பொறியாளரிடம் காட்டினோம். நூலகத் திட்டங்களில் மிகக் குறைவாகக் கவனிக்கப்படும் செய்தி இங்கே இருப்பதால் இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும்.

அது மெட்ராஸ் டெரஸ் வகைத் தளம்: தேக்கு உத்திரங்களின் மேல் குறுக்குச் சட்டங்கள், அவற்றின் மேல் செங்கல்லைக் குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புக் காரை. குடியிருப்புக்கு அது நன்றாகவே உழைத்த தளம். இந்தியத் தர நிர்ணயத்தில், குடியிருப்பு அறையின் தளத்துக்குச் சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன், அதாவது ஏறத்தாழ 200 கிலோ என்று பயன்பாட்டுச் சுமை வைக்கிறார்கள். நூல் அடுக்கும் அறைக்கு, 2.2 மீட்டர் உயரம்வரை, அதையே 6 கிலோநியூட்டனாக வைக்கிறார்கள், மும்மடங்கு. இந்த வித்தியாசத்தை ஊராருக்கு ஒரு ரேக்கைக் கொண்டே விளக்க முடிந்தது.

மூன்றடி அகலமும் ஆறு தட்டுகளும் உள்ள ஓர் இரும்பு ரேக்கில் 5.4 மீட்டர் நீளத்துக்கு நூல்களை நிறுத்தலாம். ஒரு மீட்டர் நீள நூல்கள் தோராயமாக 25 கிலோ இருக்கும். ஆக நூல் 135 கிலோ, ரேக் 35 கிலோ, மொத்தம் 170 கிலோ. முதுகோடு முதுகாக இரண்டு ரேக்கை வைத்து, நடக்க 75 சென்டிமீட்டர் வழி விட்டால், 340 கிலோ எடை 1.2 சதுர மீட்டரில் இறங்குகிறது. நடைவழியையும் சேர்த்துப் பரப்பினாலே சதுர மீட்டருக்கு 280 கிலோ. ரேக்கின் அடியில் மட்டும் பார்த்தால் 600 கிலோவைத் தாண்டுகிறது. ஆள்கள் நிற்கும் எடை இன்னும் கணக்கில் வரவில்லை.

பெரியவர் இதை ஏற்கவில்லை. "இதே மாடியில் எங்கப்பா காலத்துல நெல் மூட்டை அடுக்கியிருக்கோம் தம்பி, அதைவிடவா புத்தகம் கனம்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். பொறியாளர் அவரைக் கீழே அழைத்துப்போய், உத்திரம் சுவருக்குள் நுழையும் முனையில் திருப்புளியை வைத்து அழுத்திக் காட்டினார். நடுவில் தட்டியபோது கணீரென்று ஒலித்த அதே மரம், முனையில் இரண்டு அங்குலம் சத்தமில்லாமல் உள்ளே விட்டது. மழைநீர் ஓதமும் கறையானும் சேர்ந்து தின்றது அந்த முனையைத்தான். உத்திரம் முழு எடையையும் சுவருக்குக் கடத்துவதும் அங்கேதான். மேலும், நெல் மூட்டை அறுவடைக்குப் பின் சில வாரம் சுவரோரமாக இருந்து விலைக்குப் போய்விடும். நூல் ஒரே இடத்தில் ஆண்டுக்கணக்கில் நிற்கும். அத்தகைய நிலைச் சுமையில் மர உத்திரம் மெல்லத் தொய்ந்துகொண்டே போகும். நூலகத்தை மாடியில் வைக்க விரும்பும் எவரும் இந்த ஒரு சோதனையையாவது செய்தாக வேண்டும். பெரியவர் பிறகு அந்த மாடியில் தம் வீட்டுச் சாமான்களைக்கூடக் குறைத்துவிட்டதாகக் கேள்விப்பட்டோம்.

ஊராட்சிக் கட்டடம் தரைத்தளம் மட்டுமே என்பதால் சுமைக் கேள்வி எழவில்லை. அங்கே பிரச்சினை கூரையில் இருந்தது. மழைநீர்க் குழாய் இலையால் அடைத்து, கான்கிரீட் தளத்தில் நீர் தேங்கி, உள்ளே ஒரு மூலையில் காரை பெயர்ந்து கம்பி துருவோடு தெரிந்தது. துருவைச் சுரண்டிப் பார்த்ததில் கம்பியின் பருமன் பெரிதாகக் குறைந்திருக்கவில்லை. அடைப்பை நீக்கி, குழாயை வேண்டுமென்றே மூடி, தளத்தில் ஓரங்குல உயரத்துக்கு நீர் கட்டி ஒருநாள் முழுக்க விட்டுக் கீழே பார்த்தோம். ஓதம் அந்த மூலையிலும் ஒரு விரிசலின் நெடுகவும் மட்டுமே வந்தது. ஆகவே கூரையை மாற்ற வேண்டியதில்லை. துருவைத் தேய்த்துப் பூசி, மேலே ஒட்டுத்தளம் போட்டால் போதும். மேல்பூச்சு வெள்ளையாக இருக்க வேண்டும் என்றும் எழுதினோம். சித்திரை வைகாசியில் இந்தப் பக்கத்து வெயில் 40 பாகையைத் தாண்டும். கான்கிரீட் தளம் பகலில் குடித்த வெப்பத்தை மாலை நான்கரைக்கு மேல்தான் உள்ளே இறக்கும். பள்ளி விட்டுப் பிள்ளைகள் வரும் நேரமும் அதுதான்.

கூடம் 24 அடிக்கு 18 அடி, அதாவது 40 சதுர மீட்டர். நூலகக் கட்டட வடிவமைப்பில் ஒரு சதுர மீட்டருக்கு 150 நூல், ஒரு வாசகருக்கு 2.33 சதுர மீட்டர் என்பது வழக்கமான கணக்கு. 3,000 நூல்களையும் உள்ளே வைத்தால் பாதிக் கூடம் போய்விடும். மீதியில் எட்டுப் பேர்தான் உட்கார முடியும். 1,500 நூல்களுக்கு இடம் ஒதுக்கினால் பன்னிரண்டு பேர் உட்காரலாம், முன்திண்ணையில் பாய் விரித்தால் பிள்ளைகள் இன்னும் பத்துப் பேர். நூல்களின் எண்ணிக்கையைப் பெருமையாகச் சொல்லும் வழக்கம் நம்மிடம் உண்டு. இந்தக் கூடத்தில் ஒவ்வொரு 350 நூலும் ஒருவரின் இருக்கையை எடுத்துக்கொள்ளும் என்று சொன்ன பிறகுதான் குழு எண்ணிக்கையை விட்டுக்கொடுத்தது.

வாசல் தரையிலிருந்து 45 சென்டிமீட்டர் உயரம். மாற்றுத்திறனாளிகளுக்கான சாய்தளம் ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற சரிவில் இருக்க வேண்டும் என்பதால் 5.4 மீட்டர் நீளம் தேவை. முன்பக்கம் அவ்வளவு இடமில்லை, ஆகவே பக்கவாட்டில் திருப்பிக் கட்டப் பரிந்துரைத்தோம். நூல் பட்டியலுக்குக் கோஹா மென்பொருள் வேண்டுமென்று பொறியியல் படிக்கும் மாணவர் ஒருவர் வற்புறுத்தினார். அது நல்ல கட்டற்ற மென்பொருள். ஆனால் அதைப் பராமரிக்கத் தெரிந்தவர் படிப்பு முடிந்து பெங்களூருக்குப் போனபின் ஆயிரம் நூல்களுக்கான பட்டியலை எவரும் திறக்க முடியாமல் போகலாம். யூனிகோடு தமிழில் ஒரு விரிதாள், அதன் அச்சுப்படி, ஒரு இரவல் பதிவேடு ஆகியவற்றோடு தொடங்குவதே இங்கே சரி.

திறக்கும் செலவும் நடத்தும் செலவும்

தருவதாகச் சொன்ன 3,000 நூல்களில் கைக்கு வந்தவற்றைத் தரம் பிரித்தபோது பயன்படக்கூடியவை 700 மட்டுமே தேறின. செல்லரித்தவை, ஒரே நூலின் பல படிகள், 2018க்குப் பிறகு பாடத்திட்டம் மாறியதால் காலாவதியான பழைய பள்ளிப் பாடநூல்கள், என்றோ நடந்து முடிந்த தேர்வுகளுக்கான வழிகாட்டிகள் ஆகியவையே மீதம். வீட்டுப் பரணைக் காலி செய்ய நூலகம் உதவுகிறது என்று குழுவில் ஒருவர் சொன்னது மிகையில்லை.

1,500 நூல்களோடு திறப்பதானால் 800 நூல் வாங்க வேண்டும். சராசரி 150 ரூபாய் வீதம் 1,20,000 ரூபாய். கட்டடப் பழுதுக்கு 1,25,000, பத்து ரேக்குகளுக்கு 70,000, மேசை நாற்காலிக்கு 45,000, மின் வேலைக்கு 30,000, சாய்தளத்துக்கு 20,000. கூட்டினால் 4,10,000 ரூபாய். கையில் இருப்பதைவிடப் பத்தாயிரம்தான் அதிகம். அதை ஒரு வாரத்தில் திரட்டிவிடலாம் என்றார்கள். திரட்டலாம்தான். ஆனால் திறந்த மறுநாள் சங்கத்தின் கணக்கில் ஒரு ரூபாயும் இருக்காது.

மாதச் செலவை எழுதிப் பார்த்தோம். மாலை மூன்று மணி நேரம் இருக்கும் நூலகப் பொறுப்பாளருக்கு 6,000, துப்புரவுக்கு 1,000, மின்சாரம் 500, நாளிதழ்களும் இதழ்களும் 1,600, இணையம் 600, எழுதுபொருளும் பைண்டிங்கும் 500, புதிய நூல்களுக்கு 2,500. மொத்தம் 12,700 ரூபாய். ஆண்டுக்கு 1,52,400, விலையேற்றத்தைக் கருதாமலே ஐந்தாண்டுக்கு 7,62,000. திறக்க ஆகும் செலவைப் போல ஏறத்தாழ இருமடங்கு நடத்த ஆகிறது. முன்மொழிவில் இந்தப் பகுதியே இல்லை. ஊர்கள்தோறும் பூட்டிக் கிடக்கும் கட்டடங்களுக்குப் பின்னால் பெரும்பாலும் இந்த இல்லாத பகுதிதான் இருக்கிறது.

வங்கியில் வைப்புத் தொகை போட்டு வட்டியில் நடத்தலாம் என்ற யோசனையும் வந்தது. ஆறரை விழுக்காடு வட்டியில் 1,52,400 ரூபாய் கிடைக்க ஏறத்தாழ 23.5 லட்சம் போட வேண்டும். பேச்சு அதோடு நின்றது. உறுப்பினர் காப்புத்தொகையை வரவில் சேர்க்கவும் நாங்கள் ஒப்பவில்லை. கேட்டால் திருப்பித் தர வேண்டிய பணம் வரவாகாது. குடும்பத்துக்கு மாதம் 10 ரூபாய் சந்தா என்றால் 150 குடும்பங்களிலிருந்து 1,500 ரூபாய் வரும். மீதி முழுக்க அந்த 40 பேரின் வாக்குறுதியை நம்பியிருக்கிறது: தலைக்கு 500, மாதம் 20,000.

வாக்குறுதியை வரவாக எழுதுவதற்குமுன், நூலகம் திறக்காமலே மூன்று மாதம் அதை வசூலித்துப் பார்க்கச் சொன்னோம். யாரையும் நேரில் போய்க் கேட்கக் கூடாது, மாதம் ஒரு நினைவூட்டல் மட்டும் அனுப்பலாம் என்பது விதி. முதல் மாதம் 37 பேர் அனுப்பினார்கள். மூன்றாம் மாதம் 21 பேர். அதாவது 10,500 ரூபாய், சந்தாவோடு 12,000. எழுதிவைத்த 20,000ஐ நம்பியிருந்தால் மாதந்தோறும் மிச்சம் காட்டியிருக்கும் கணக்கு, கைக்கு வந்ததை வைத்துப் பார்த்தால் 700 ரூபாய் துண்டு விழுகிறது.

இதனால்தான் நூல் வாங்கும் தொகையைக் குறைக்கச் சொன்னோம். 800க்குப் பதில் 300 நூல் வாங்கி, 1,000 நூல்களோடு திறந்தால், தொடக்கச் செலவு 3,35,000 ரூபாயில் நிற்கும். 65,000 ரூபாய் கையிருப்பாகும். மாதம் 700 துண்டு விழுந்தால் அந்தக் கையிருப்பு ஏழு ஆண்டுக்கு மேல் தாங்கும். நன்கொடை இன்னும் பாதியாகச் சரிந்தால் மாதத்துக்கு 5,950 துண்டு விழும்; அப்போதும் ஏறத்தாழ பதினொரு மாதம் ஓட்டலாம், அதற்குள் வேறு வழி தேடலாம். ஊரார் வீட்டுவரியோடு ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரியும் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆகவே மாவட்ட நூலக ஆணைக்குழுவிடம் ஊர்ப்புற நூலகம் கேட்டு விண்ணப்பிப்பதும் அந்த வழிகளில் ஒன்று. ஆனால் கிடைத்த பிறகே அதைக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

யார் கதவைத் திறப்பது?

பணச் சோதனை நடந்த அதே மூன்று மாதத்தில் கதவுச் சோதனையும் நடந்தது. பூட்டிய கட்டடத்தின் திண்ணையில், ஒரு டிரங்குப் பெட்டியில் 150 நூல்களை வைத்து, மாலை நான்கரை முதல் ஏழரை வரை திறந்து வைக்க வேண்டும். வாரத்துக்கு ஏழு நாள், ஏழு தன்னார்வலர்கள், ஆளுக்கொரு நாள். வந்தவர் வந்த நேரத்தைப் பெட்டி மூடியின் உட்புறம் கட்டிய நோட்டில் எழுத வேண்டும். எத்தனை பேர் படித்தார்கள் என்பதைவிட அந்த நேரமே எங்களுக்கு முக்கியம்.

முதல் மாதம் நோட்டு நன்றாகவே இருந்தது. மூன்றாம் மாதத்தில் நான்கு மாலைகளுக்கு ஒன்று பெட்டி திறக்கவேயில்லை, அல்லது அரை மணி நேரத்துக்கு மேல் தாமதம். எவரும் சோம்பேறிகள் இல்லை. மூவர் ஷூ கம்பெனியில் வேலை செய்பவர்கள். ஓவர்டைம் இருந்தால் கம்பெனிப் பேருந்து ஏழு மணிக்குத்தான் ஊருக்குள் வரும். இருவருக்குக் கல்லூரித் தேர்வு. முகூர்த்த நாள்களில் யாரும் இல்லை. வைகாசி பிறக்கும்போது குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா; அந்த வாரம் முழுக்க நோட்டில் ஒரு வரி இல்லை. இரண்டு முறை வந்து பூட்டைப் பார்த்த பிள்ளை மூன்றாம் முறை வருவதில்லை என்பதும் நோட்டின் வருகைப் பத்தியிலேயே தெரிந்தது. தன்னார்வத்தை நம்பிச் சம்பளத்தை வெட்டிவிடலாம் என்று பொருளாதாரப் பகுதியைப் படித்த சிலர் சொல்லியிருந்தார்கள். நோட்டைப் பார்த்த பிறகு அந்த 6,000 ரூபாயை யாரும் தொடவில்லை. பட்டப்படிப்பு முடித்து வீட்டில் பீடி சுற்றிக்கொண்டிருக்கும் உள்ளூர்ப் பெண் ஒருவர் அந்தப் பொறுப்புக்கு முன்வந்தார். தன்னார்வலர்கள் அவருடைய விடுமுறை நாள்களுக்கு மாற்றாக இருப்பார்கள்.

திண்ணைக்கு வந்தவர்கள் இரண்டு வகை. மாலையில் பள்ளிப் பிள்ளைகளும், அவர்களைத் தேடி வரும் தாய்மாரும். மற்றவர்கள் டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள். அவர்களுக்கு எங்கள் நூல்கள் தேவையில்லை, தங்கள் நூல்களோடு அமைதியாக உட்கார ஓர் இடமும் ஒரு விளக்கும் வேண்டும். இரு சாராரையும் ஒரே நேரத்தில் 40 சதுர மீட்டருக்குள் வைத்தால், சத்தம் போடாதே என்று பிள்ளைகள் விரட்டப்படுவார்கள். எனவே காலை ஆறு முதல் ஒன்பது வரை தேர்வு எழுதுவோருக்கு, அவர்களே சாவிப் பொறுப்பேற்கும் ஏற்பாட்டில்; மாலை நேரம் முழுக்கப் பிள்ளைகளுக்கும் பெண்களுக்கும் என்று பிரித்தோம். ஏரிக்கரை இடம் சட்டப்படி தோற்றிராவிட்டாலும் இந்தச் சோதனையில் தோற்றிருக்கும்: விளக்கில்லாத அந்தப் பாதையில் ஆறரைக்கு மேல் பெண்பிள்ளையை அனுப்பமாட்டோம் என்று கேட்ட தாய்மார் அனைவரும் சொன்னார்கள். ஊராட்சிக் கட்டடம் பள்ளிக்கும் பேருந்து நிறுத்தத்துக்கும் இடையில் இருக்கிறது.

அறிக்கையின் முடிவு, முன்மொழிந்தபடி செய்ய இயலாது, மாற்றியபடி செய்யலாம் என்பது. கிராம சபைத் தீர்மானமும் சங்கப் பதிவும் முடிவதற்குமுன் கட்டடத்தில் ஒரு மூட்டை சிமென்ட்கூட இறக்கக் கூடாது. 65,000 கையிருப்பிலிருந்து எடுப்பதற்குச் சங்கப் பொதுக்குழுவின் ஒப்புதல் வேண்டும். தொடர்ந்து மூன்று மாதம் நன்கொடை 7,000 ரூபாய்க்குக் கீழ் போனால் புதிய நூல் வாங்குவதை நிறுத்திப் பொறுப்பாளரின் ஊதியத்தைக் காப்பாற்ற வேண்டும் என்ற நிபந்தனைகளைக் குழு ஏற்றுக்கொண்டது. கடைசி நிபந்தனைக்கு மட்டும் எதிர்ப்பு வந்தது. சங்கம் கலைந்தால் நூல்களும் ரேக்குகளும் ஊராட்சி ஒன்றியப் பள்ளிக்குப் போக வேண்டும் என்று துணைவிதியில் எழுதச் சொல்லியிருந்தோம். தொடங்கும்போதே மூடுவதைப் பற்றி எழுதுவது அபசகுனம் என்றார்கள். நன்கொடையாளர் அந்த வரி இல்லாமல் பணம் தர மறுத்ததால், இரண்டாம் கூட்டத்தில் அது துணைவிதியில் சேர்ந்தது.